இரு மழை காணும் மண்ணின் மொழிகள்

தென்மேற்குப் பருவமழை பொய்த்தாலும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்து கதவைத் தட்டும் குமரி மண்ணில் பிறந்தவருக்கு, ஒரு தோல்வி ஒருபோதும் முழு ஆண்டாகிவிடாது.

கன்னிப்பூப் போக நெல் வெள்ளத்தில் அழுகிய அதே வயலில்தான் அடுத்த போகமான கும்பப்பூவுக்கு நாற்று நடுகிறோம். சேறு பழைய இழப்பைக் கணக்குக் கேட்பதில்லை.

பேச்சிப்பாறை அணை ஒரே நாளில் நிறைவதில்லை. ஆயினும் மலையில் பெய்ததை அது பொறுமையாகச் சேர்த்து வைப்பதால்தான், வானம் பார்த்துச் சோர்ந்துபோன கடைவரம்பு வயலுக்கும் கால்வாய் வழியே மழை நடந்து வருகிறது, அந்தப் பொறுமையையே நான் நம்பிக்கை என்பேன்.

கடல் கொந்தளிக்கும் ஆடியில், கரையேற்றிய வள்ளத்தின் விரிசலை அடைப்பவர் ஆவணியை ஏற்கெனவே கண்டுவிட்டார்.

மழைக்கு ஒதுங்கும் தோவாளைப் பெண் பூக்கூடையை மூடுகிறாரே தவிர, பூவைக் கொட்டிவிடுவதில்லை.