வாம்மா, உள்ளே வா

வாம்மா, வா. வாசலிலேயே ஏன் நிற்கிறாய்? உள்ளே வந்து உட்கார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி என் பக்கத்தில் வா. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்திருப்பாய். யார் யாரோ வந்து, "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டிருப்பார்கள். ஒரு பெயரும் நினைவில் நின்றிருக்காது. அதற்காகக் கவலைப்படாதே. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருடைய பெயர் எனக்கே இரண்டு வருஷம் கழித்துத்தான் பிடிபட்டது.

எல்லோருக்கும் முன்னால் நாலு வார்த்தை பேசு என்றார் உன் மாமனார். எனக்குப் பேசத் தெரியாதே என்றேன். "வீட்டில் பேசுவதில் கால்வாசி பேசினால் போதும்" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மறந்துவிட்டால் பார்த்துப் படிப்பேன். யாரும் சிரிக்கக் கூடாது.

நான் இதே வாசல் வழியாக உள்ளே வந்து 31 வருஷம் ஆகிறது. அன்றைக்கு யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது. நினைவில் இருப்பது தாகம் ஒன்றுதான். நடு ராத்திரி, தொண்டை வறண்டு விழித்துக்கொண்டேன். உன் மாமனார் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறார். எழுப்பக் கூச்சம். சரி, நாமே போய்க் குடிப்போம் என்று இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். எந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? சமையலறை வரைக்கும் போய்விட்டேன். கை பட்டு ஒரு டம்ளர் கீழே விழுந்து கடகடவென்று உருண்டது. உள் அறையிலிருந்து என் மாமியாரின் குரல்: "யாரது?"

நான் வாயே திறக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். தண்ணீர் குடிக்காமலேயே. காலையில் அத்தை, "ராத்திரி பூனை ஏதாவது வந்ததா?" என்று கேட்டார். "ஆமாம் அத்தை" என்றேன். அன்றிலிருந்து பாவம், தினமும் ராத்திரி சமையலறை ஜன்னலை மறக்காமல் சாத்தினார். அந்தப் பூனை நான்தான் என்று சொல்வதற்கு எனக்கு ஏழு வருஷம் ஆனது.

அவர் கெட்டவர் இல்லை. கேட்டிருந்தால் பதறி எழுந்து வந்து கொடுத்திருப்பார். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. இந்த வீட்டில் எங்களுக்குள் வந்த மனத்தாங்கல் ஒவ்வொன்றையும் யோசித்துப் பார்த்தால், முக்கால்வாசி அந்த டம்ளர் மாதிரிதான்.

அதனால் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன். நடையில் இடது கை ஓரத்தில் இருக்கும் முதல் சுவிட்ச்தான் விளக்கு. இருட்டிலும் தெரிகிற மாதிரி அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருக்கிறேன். குளியலறைக் குழாயை மாற்றிப் பொருத்திவிட்டார்கள். வெந்நீர் வேண்டுமென்றால் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திருப்ப வேண்டும். பீரோவில் பாதியை உனக்காகக் காலி செய்துவிட்டதாக உன் வீட்டுக்காரன் சொல்லியிருப்பான். நான் திறந்து பார்த்தேன். எல்லாவற்றையும் சுருட்டி மேல் தட்டில் திணித்திருக்கிறான். ஜாக்கிரதையாகத் திற, தலையில் விழும்.

என்னை அத்தை என்று கூப்பிடு, அம்மா என்று கூப்பிடு, எது வாயில் வருகிறதோ அது. உடனே வராவிட்டால் கொஞ்ச நாள் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் வந்து நில். நான் திரும்பிப் பார்ப்பேன். நானும் அப்படித்தான் ஆறு மாதம் ஓட்டினேன்.

என் குரல் கட்டை. "சாப்பிட்டாயா?" என்று கேட்டாலே அதட்டுகிற மாதிரி இருக்கும். உன் நாத்தனார் அங்கே தலையாட்டுகிறாள் பார். கோபமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் என்னிடமே கேள். கோபமாக இருந்தால் கோபம் என்று சொல்லிவிடுவேன். நானும் உன்னிடம் அப்படித்தான் கேட்பேன். என்னைப் பற்றி உனக்கு ஒரு குறை என்றால் என்னிடமே சொல். என் பிள்ளையைத் தபால்காரனாக்க வேண்டாம். அவன் பாதியை மறந்துவிடுவான், மீதியை மாற்றிச் சொல்வான். சின்ன வயதில் கடைக்கு அனுப்பியே பார்த்திருக்கிறேன்.

சமையலறையை இன்றே உன்னிடம் ஒப்படைக்கிறேன் என்றெல்லாம் பெரிய பேச்சு பேச மாட்டேன். எனக்கு அதை விட மனசில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் எது எங்கே என்று தெரிகிற இடம் அது. ஆனால் நீ வந்து ஒரு டப்பாவை இடம் மாற்றி வைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். முயற்சியாவது செய்கிறேன். நீ வேலைக்குப் போகிறவள், நேரத்துக்குக் கிளம்பு. இங்கே என்ன ஆகுமோ என்று அங்கே உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். அப்புறம் ஒன்று, அவனுக்குச் சமைக்கத் தெரியும். தெரியாத மாதிரி நடிப்பான். நம்பாதே.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் அதிகம் உடைத்தவள் நான்தான். கணக்கு உன் மாமனாரிடம் இருக்கிறது. நீ பயப்படாமல் புழங்கு.

சம்பந்தியம்மா, எங்கே போய்விட்டீர்கள்? தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிகிறது. உங்கள் பெண்ணை என் மகள் மாதிரி பார்த்துக்கொள்வேன் என்று சொல்லப் போவதில்லை. என் மகளை நான் திட்டுகிற திட்டு உங்களுக்குத் தெரியாது. அவள் உங்கள் மகளாகவே இருக்கட்டும். இங்கே எனக்கு மருமகள். அந்த மரியாதை ஒரு நாளும் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். உங்களோடு பேச வேண்டும் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். பேச்சு என்னைப் பற்றியே இருந்தாலும் சரி. நீங்களும் இங்கே வருவதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம். அவள் இருக்கிற வீடு, அவள் திறந்துவிடுவாள்.

திறப்பதற்குச் சாவி வேண்டுமே. இந்தாம்மா, பிடி. இது என்னுடையதும் இல்லை, உன் வீட்டுக்காரனுடையதும் இல்லை. உனக்கென்று புதிதாகச் செய்து வாங்கியது. பூட்டு கொஞ்சம் மக்கர் செய்யும். கதவை லேசாக உன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பினால் திறந்துவிடும். நாளைக்குக் காலையில் ஒரு தடவை செய்து காட்டுகிறேன்.

சரி, நான் பேசியது போதும். தாளில் இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. ஆனால் உனக்குக் கண்ணைச் சுழற்றுகிறது. எழுந்து போய் முகம் கழுவிக்கொள். இந்தப் புடவையை மாற்றிவிட்டு, உனக்கு எது சௌகரியமோ அதைக் கட்டிக்கொள், போட்டுக்கொள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ராத்திரி எது வேண்டுமென்றாலும் விளக்கைப் போட்டுக்கொண்டு வா. ஏதாவது உருண்டு விழுந்தால் மட்டும் காலையில் பூனை என்று சொல்லிவிடாதே, நான் நம்ப மாட்டேன்.