பொருள்: பிரிட்டன் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு உங்கள் இணையவழிப் பரிந்துரை வேண்டி (யாழினி, 2024 ஜேசி 2 தமிழ் வகுப்பு)

வணக்கம் ஆசிரியை,

நான் யாழினி. 2023, 2024 ஆண்டுகளில் உங்களிடம் எச்2 தமிழ்மொழியும் இலக்கியமும் படித்தவள். நீங்கள் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டதாகக் கவின் சொன்னான். இந்த முகவரியையும் அவனிடம்தான் வாங்கினேன். புது இடம் பழகிவிட்டதா? ஏ நிலைத் தேர்வு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் தொந்தரவு செய்கிறேன், மன்னியுங்கள். இன்னும் தள்ளிப்போட்டால் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் குறைந்துவிடும் என்பதால்தான் இப்போதே எழுதுகிறேன்.

பிரிட்டனில் பேச்சு, மொழிச் சிகிச்சைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். அடுத்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கும் படிப்பு. மான்செஸ்டர், நியூகாசில் இரண்டும் என் பட்டியலில் முதலில் இருக்கின்றன. விண்ணப்பம் யூகாஸ் இணையத்தளம் வழியாகப் போகிறது. அதற்கு ஒரு பரிந்துரை வேண்டும். அதை நீங்கள் எழுதித் தருவீர்களா என்று கேட்கத்தான் இந்த மின்னஞ்சல்.

உயிரியல் ஆசிரியரிடம் கேட்காமல் உங்களிடம் ஏன் வருகிறேன் என்று நீங்கள் யோசிக்கலாம். இந்தப் படிப்பின் பக்கம் நான் திரும்பியது உங்கள் வகுப்பில் இருந்தபோதுதான், ஆசிரியை. பாட்டிக்குப் பக்கவாதம் வந்த சமயம் உங்களுக்கு நினைவிருக்கும். நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும், ஆனால் சொல்ல நினைக்கும் சொல் வாயில் வராது. ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணச் சொன்னால் தடையில்லாமல் எண்ணுவார், கிழமைகளை வரிசையாகச் சொல்வார். எதிரில் இருக்கும் டம்ளரைக் காட்டி இது என்ன என்று கேட்டால் திணறுவார். சிகிச்சையாளர் மிகவும் பொறுமையானவர். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் வைத்திருந்த படங்களில் ரொட்டி வாட்டும் இயந்திரமும் பனிச்சறுக்குக் கட்டையும் இருந்தன. தேக்கா சந்தையைச் சுற்றியே வாழ்ந்த பாட்டிக்கு அவை பேச்சில் புழங்காத பொருள்கள்.

நான் சொந்தமாகப் பட அட்டைகள் செய்யத் தொடங்கியபோது உங்களிடம் கொண்டுவந்து காட்டினேன். பாடநூல் தமிழில் எழுதாதே, பாட்டி வீட்டில் பேசிய பேச்சிலேயே எழுது என்றீர்கள். பாட்டி தவறாகச் சொல்லும் சொல்லையும் பக்கத்திலேயே குறித்துவைக்கச் சொன்னீர்கள். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அகப்பை படத்துக்குக் "கரண்டி" என்றும், மாமா படத்துக்குச் "சித்தப்பா" என்றும் சொல்லியிருக்கிறார். சில பக்கங்களைப் புரட்டிவிட்டு, "பாரு, சொல் தொலைந்துபோகவில்லை, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறது" என்றீர்கள். அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பிப்ரவரியில் தேர்வு முடிவு வந்ததும் ஒரு முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அங்கு வரும் தமிழ்ப் பெரியவர்கள் சிலருக்கு அதே நிலைமை. அவர்களிடம் அவர்கள் மொழியிலேயே வேலை செய்யக்கூடிய சிகிச்சையாளராக வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. இங்கே சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்திலும் இந்தப் படிப்பு இருக்கிறது, அதற்கும் விண்ணப்பிப்பேன். எங்கே இடம் கிடைத்தாலும் வேலைக்கு இங்கே திரும்பி வருவதுதான் திட்டம்.

என் மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் முதலில் எதிர்பார்க்கப்படுவது படிப்பு சார்ந்த பரிந்துரை. அவர் என் வேலையைப் பார்த்திருக்கிறாரே தவிர, நான் படித்ததைப் பார்த்தவர் நீங்கள்.

நீங்கள் சம்மதித்தால் நடைமுறை இப்படித்தான்: உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் நான் பதிவு செய்ததும் யூகாஸிலிருந்து உங்களுக்கு ஓர் இணைப்பு வரும். அதில் நுழைந்து அங்கேயே எழுதி அனுப்பிவிடலாம்; கடிதத்தாளோ முத்திரையோ தேவையில்லை. தனிப்பட்ட முகவரியைவிடப் பணியிட முகவரியையே அவர்கள் விரும்புகிறார்கள். அதனால் கல்லூரி மின்னஞ்சலைத் தர முடியுமா? இணைப்பு சில சமயம் குப்பை அஞ்சலில் போய் விழுந்துவிடும், அங்கேயும் ஒருமுறை பாருங்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நீங்கள் எழுதுவதை நான் பார்க்க முடியாது, விண்ணப்பத்தோடு நேராகப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்விடும்.

படிவத்தில் மூன்று பகுதிகள் இருக்கும், எல்லாம் சேர்த்து 4,000 எழுத்துகளுக்குள். முதலாவது கல்லூரியைப் பற்றியது, சுருக்கமாக இருந்தால் போதும். இரண்டாவது, மாணவரின் படிப்பைப் பாதித்த சூழ்நிலை ஏதாவது இருந்தால் அதைச் சொல்ல. முன்னோடித் தேர்வுக்குச் சற்று முன்புதான் பாட்டிக்கு அப்படி ஆனது, நான் பல நாள் மருத்துவமனையிலிருந்து நேராக வகுப்புக்கு வந்தேன். அதை எழுத உங்களுக்கு என் முழுச் சம்மதம் உண்டு. அம்மாவிடமும் கேட்டுவிட்டேன், அவருக்கும் சரிதான். மூன்றாவது பகுதிதான் முக்கியம்: இந்தப் படிப்புக்கு நான் ஏற்றவளா என்பது. அங்கே பொதுவான பாராட்டைவிட, நீங்கள் நேரில் பார்த்த ஒன்றிரண்டு விஷயங்கள் இருந்தால் அதுவே பெரிய பலம். குறிப்பேட்டு விஷயம், வாய்மொழித் தேர்வுக்கு முன் ஜேசி 1 பிள்ளைகளுக்கு நான் பயிற்சி கொடுத்தது, இப்படி எது உங்கள் மனத்தில் நிற்கிறதோ அது. குறையென்று ஏதாவது தோன்றினால் அதையும் நீங்கள் எழுதலாம், நான் வருத்தப்பட மாட்டேன். தேர்வு முடிவுகள் வந்துவிட்டதால் எதிர்பார்க்கும் தரநிலைகளை நீங்கள் கணித்துத் தர வேண்டியதில்லை.

யூகாஸின் கெடு ஜனவரி 14, பிரிட்டன் நேரம் மாலை 6 மணி. நமக்கு அது 15ஆம் தேதி அதிகாலை 2 மணி. உங்கள் பரிந்துரை வந்த பிறகுதான் நான் விண்ணப்பத்தை அனுப்ப முடியும், அதனால் டிசம்பர் 12, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர முடியுமா? தேர்வுக் கண்காணிப்பெல்லாம் முடிந்து கொஞ்சம் மூச்சு விடும் நேரமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அந்தத் தேதியைச் சொல்கிறேன். விடுமுறையில் ஊருக்குப் போவதாக இருந்தால் சொல்லுங்கள், ஜனவரி முதல் வாரம்வரை தள்ளலாம்.

என் தேர்வு முடிவுகள், தன்விவரம், யூகாஸின் மூன்று கேள்விகளுக்கு நான் எழுதியிருக்கும் பதில்களின் வரைவு, குறிப்பேட்டில் நான்கு பக்கங்களின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். நேரில் பேசினால் எளிது என்றால் சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை, நீங்கள் சொல்லும் இடத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் அழைத்தாலும் சரி, அதே பழைய எண்தான்.

இப்போதைய வேலைப்பளுவில் முடியாது என்றாலோ, வேறு யாராவது எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்று பட்டாலோ தயங்காமல் சொல்லிவிடுங்கள், ஆசிரியை. இந்த மாத இறுதிக்குள் தெரிந்தால் நான் வேறு ஏற்பாடு செய்துகொள்வேன். உங்கள் சரி வந்த பிறகுதான் தளத்தில் உங்கள் பெயரைப் பதிவு செய்வேன்.

பாட்டி உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். இப்போது சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறார்.

அன்புடன்,
யாழினி த/பெ செல்வம்
10 நவம்பர் 2025