நிலாவெளித் தியான முகாம் பற்றிப் பெற்றோருக்கு

அன்பான அம்மாமார், அப்பாமாருக்கு,

கடந்த சனி, ஞாயிறு நடந்த முகாமுக்காக உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் சொன்ன முறைப்பாடுகள் நியாயமானவை.

பிள்ளைகளின் போன்களை வாங்கி வைக்கச் சொன்னது நான்தான். செபத்தில் கவனம் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் பஸ் பழுதாகி, ஐந்து மணிக்கு வரவேண்டிய பிள்ளைகள் இரவு ஒன்பதரை வரை வராதபோது, உங்களுக்கு ஒரு தகவல்கூடச் சொல்லவில்லை. மழைக்குள் ஆலய வாசலில் காத்து நின்றீர்கள். அந்தப் பதற்றத்துக்கு நான்தான் பொறுப்பு.

கடல் விஷயம் அதைவிடப் பெரிது. வாடை தொடங்கினால் நிலாவெளிக் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் சில பையன்கள் இறங்கும்வரை கரையில் ஒருவரையும் நிறுத்தவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன்.

மதியச் சாப்பாடு பிந்தியதும் போதாமல் போனதும் உண்மை. சாப்பாட்டுக்கு வாங்கிய காசைத் திருப்பித் தருகிறோம்.

வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பங்கு மண்டபத்தில் இருப்பேன். ஃபாதரும் வருவார். கோபம் இருந்தால் அதையும் நேரில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பெற்றோரில் இரண்டு பேராவது கூட வராமல் இனி எந்த முகாமும் வைக்க மாட்டோம். பிள்ளைகளைக் குறை சொல்லி ஏச வேண்டாம், அவர்கள் சொன்னபடிதான் நடந்தார்கள். கடலில் இறங்கிய பையன்களோடு நானே கதைக்கிறேன்.

இப்படிக்கு,
இளையோர் குழுப் பொறுப்பாளர்,
திருகோணமலை