டிசம்பர் மாச வொரண்டி கிளைம் ரிப்போட், பெட்ச் வாரியா

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம். 16 லீற்றர் பெட்டரி மருந்தடிக்கிற மெசினுக்கு டிசம்பர் 31 வரைக்கும் வந்த கிளைம் இது. முதலாளிக்கும் ஸ்டோருக்கும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிக்குடி, செங்கலடி டீலர்மாருக்கும் ஒரே கொப்பிதான் அனுப்புறன்.

முதல்ல முக்கியமானது: 2509 பெட்ச்சை உடனே நிப்பாட்டணும். கடையில கிடக்கிறதையும் விக்க வேணாம்.

| பெட்ச் | செஞ்சது | வித்தது | டிசம்பர் கிளைம் | வித்து 60 நாளுக்குள்ள வந்த கிளைம் | வீதம் |
|---|---|---|---|---|---|
| 2506 | 240 | 236 | 1 | 4 | 1.7% |
| 2507 | 240 | 231 | 2 | 4 | 1.7% |
| 2508 | 300 | 262 | 2 | 5 | 1.9% |
| 2509 | 300 | 188 | 13 | 17 | 9.0% |
| 2510 | 200 | 71 | 1 | 1 | 1.4% |

இதோட ஸ்டிக்கர் அழிஞ்சு பெட்ச் தெரியாம 3 வந்திச்சு, ஆக டிசம்பர்ல மொத்தம் 22. நவம்பர்ல 14. மொத்தத்த மட்டும் பாத்தா பெரும்போகம், எல்லாரும் மருந்தடிக்கிற நேரம், கிளைம் கூடத்தானே செய்யும் எண்டு விட்டிடலாம். ஆனா 2507உம் 2508உம் அதே மாசம் அதே வயல்லதான் ஓடினது, அதுகள் ரெண்டு ரெண்டோட நிக்குது. சீசன்தான் காரணமெண்டா எல்லா பெட்ச்சும் சேந்து ஏறியிருக்கணும்.

கடைசி ரெண்டு நிரலும் ஏன் 60 நாள் கணக்கெண்டு கேட்டாக்கள் இருக்காங்க. பழைய பெட்ச் கன நாள் ஓடினது, அதுக்கு கிளைம் கூட வாறது இயற்கை, புதுசோட அப்படியே வச்சுப் பாத்தா பிழையா விளங்கும். அதனாலதான் வித்த திகதியில இருந்து ஒரே வயசில வச்சுப் பாக்கிறம், செஞ்ச எண்ணிக்கையால பிரிக்காம வித்த எண்ணிக்கையால பிரிக்கிறம், ஸ்டோர்ல பெட்டிக்குள்ள கிடக்கிற மெசின் பழுதாகி வராதே. 2509ல கனபேர் வாங்கி இன்னும் 60 நாள் ஆகல்ல, அதுக்குள்ளயே 9 வீதம், இது இன்னும் ஏறும். போன மாசம் இதே பெட்ச் 95 வித்து 4 கிளைம், மத்ததுகளின்ட ரெண்டு மடங்குக்கு மேல, அதான் கண் வைக்கச் சொல்லி எழுதினது.

17ல 14க்கு ஒரே பழுது: கைப்பிடிய விட்டாலும் மோட்டர் நிக்குதில்ல. ஓடிக்கிட்டே இருந்து பெட்டரி இறங்குது, ரெண்டு பேருக்கு ஹோஸ் களண்டு மருந்து முதுகில ஊத்தியிருக்கு. அத நான் சின்ன விஷயமா எடுக்க மாட்டன், களைநாசினி அது. பம்ப கழட்டிப் பாத்தா பிரஷர் சுவிட்ச்சுக்குள்ள இருக்கிற சின்ன ரப்பர் ஓரத்தில முடி மாதிரி ஒரு வெடிப்பு, அதால மருந்துத் தண்ணி கசிஞ்சு சுவிட்ச் கொண்டெக்ட் ரெண்டும் பச்சை பூத்து ஒட்டிப் போய்க் கிடக்கு. கழட்டின எல்லாத்திலயும் வெடிப்பு ஒரே இடம். மத்த 3ல ரெண்டு சார்ஜர், ஒண்டு விழுந்து உடைஞ்சது.

ஏரியாப் பிரச்சினையோ எண்டும் பாத்தன், உப்புத்தண்ணி எண்டு சிலபேர் சொன்னதால. சம்மாந்துறை 5, அக்கரைப்பற்று 4, களுவாஞ்சிக்குடி 5, செங்கலடி 3. படுவான்கரை வயல்ல குளத்துத் தண்ணி கலக்கிறவரும் இருக்கார், கரைவாகுப் பக்கம் கிணத்துத் தண்ணி கலக்கிறவரும் இருக்கார். தண்ணி இல்ல, பம்ப்தான்.

ஸ்டோர் புத்தகத்தப் பாத்தா ஆகஸ்ட் கடைசியில வந்த பம்ப் லொட்டில 364 இருந்திருக்கு. 300 2509க்குப் போயிருக்கு, மிச்சம் 64 2510ன்ட முதல் 64 மெசினுக்குப் போட்டிருக்கு. 2510ல வந்த அந்த ஒரு கிளைம் சீரியல் 41, அதே பழுது. 1.4% எண்டு பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா 1ல இருந்து 64 வரைக்கும் நான் நம்ப மாட்டன்.

செய்ய வேண்டியது இதுதான். விக்காத 2509 மொத்தம் 112, ஸ்டோர்ல 40, டீலர்மாரிட்ட 72, அதோட 2510ல 64க்குள்ள விக்காம இருக்கிறதும், எல்லாத்தையும் ஒதுக்கி சிவப்பு டேப் ஒட்டி வைங்க, பம்ப் மாத்தித் தருவம். வித்த 188 பேருக்கும் வொரண்டி கார்ட்ல நம்பர் இருக்கு, டீலர்மார் கோல் எடுத்து பழுதாக முதலே பம்ப் மாத்தித் தாறமெண்டு சொல்லணும், 2510ல 64க்குள்ள வாங்கினாக்களையும் சேத்து. வெள்ளாமைக்காரருக்கு களை அடிக்கிற நாள் தவறினா அந்தப் போகம் முழுக்க அடி, அவர் மெசினத் தூக்கிக்கிட்டு கடைக்கு வரட்டுமெண்டு பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது. இறக்குமதிக்காரருக்கு கழட்டின 14 பம்பையும் படத்தோட அனுப்புறன், முழு லொட்டுக்கும் மாத்துக் கேக்கணும், முதலாளி கதைச்சா கெதியா நடக்கும்.

டீலர்மாரிட்ட ஒண்டு கேட்டுக்கிறன்: கிளைமச் சேத்து வச்சு மாசக் கடைசியில ஒண்டா அனுப்பாதீங்க, வந்த அண்டைக்கே சீரியல் நம்பர போன்ல அனுப்புங்க. ஸ்டிக்கர் மருந்து பட்டு அழிஞ்சிட்டெண்டா கார்ட்ல பாருங்க, அதுவும் இல்லாட்டி வித்த திகதியாவது தாங்க. ஜனவரில இருந்து நம்பர டாங்கியின்ட அடியிலயும் பொறிக்கச் சொல்லியிருக்கன்.

அடுத்த ரிப்போட் பெப்ரவரி 5. 2509 எண்ணிக்கை மட்டும் கிழமைக்கு ஒருக்கா திங்கட்கிழமை அனுப்புவன்.