என் மகளின் முடி உதிர்வுக்கான சிகிச்சை குறித்து

திருச்சிராப்பள்ளி,
04.08.2025

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
முடி மற்றும் தோல் சிகிச்சை மையம்,
தில்லை நகர், திருச்சிராப்பள்ளி.

மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு,

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பதினாறு வயது ஆகிறது. சில மாதங்களாக அவளுக்குத் தலைமுடி வெகுவாக மெலிந்து வருவதால், தங்களை நேரில் சந்திக்கும் முன் சில விவரங்களைத் தெரிவித்து, அவள் வயதுக்கு உகந்த சிகிச்சை எது என்று கேட்டறிய இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற நவம்பரில் அவளுக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. பிப்ரவரி தொடங்கி, தலை குளித்தாலும் சீவினாலும் வேரோடு கொத்துக் கொத்தாக முடி வந்தது. கடுங்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்து இப்படிக் கொட்டுவது உண்டு, தானே சரியாகிவிடும் என்று எங்கள் குடும்ப மருத்துவர் சொன்னதை நம்பிக் காத்திருந்தோம். அவர் சொன்னபடியே மே மாதத்துக்குப் பிறகு கொட்டுவது குறைந்தது. ஆனால் உச்சி வகிடு மட்டும் அகன்றுகொண்டே போகிறது. முன்நெற்றியில் முடி எல்லை அப்படியே இருக்க, வகிட்டின் இருபுறமும் முடி மெல்லிய இழையாக, குட்டையாக வளர்கிறது. சடை முனையில் இரண்டு சுற்று சுற்றிய ரப்பர் பேண்டை இப்போது நான்கு சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது. வட்ட வட்டமான சொட்டையோ, அரிப்போ, செதிலோ இல்லை.

கூடவே, பூப்பெய்தி நான்கு ஆண்டுகள் ஆகியும் அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. சில சமயம் இரண்டு மாதம் தள்ளிப்போகிறது. தாடையில் பருக்களும் அதிகம். என் நாத்தனாருக்கும் முப்பது வயதுக்குள் உச்சியில் இதேபோல முடி மெலிந்துவிட்டது. இவையெல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவையா, சினைப்பை நீர்க்கட்டிக்கான பரிசோதனை தேவையா என்பதுதான் என் முதல் கேள்வி.

மார்ச் மாத இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2, ஃபெரிட்டின் 11 என வந்ததால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து வருகிறோம். ஹீமோகுளோபின் இப்போது 11.9 ஆகியிருக்கிறது, ஃபெரிட்டினை மீண்டும் பார்க்கவில்லை. தைராய்டு அளவு சரியாக இருப்பதாக அறிக்கை சொல்கிறது. ஆனால் இரத்தம் கொடுத்த நாட்களில் அவள் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அது தைராய்டு முடிவை மாற்றிக்காட்டக் கூடும் என்று அறிகிறேன். ஆகவே மாத்திரையை எத்தனை நாள் நிறுத்திவிட்டு மறுபரிசோதனைக்கு வர வேண்டும் என்று தெரிவித்தால் அதற்கேற்ப நிறுத்திவிடுவோம். அறிக்கைகளின் நகல்களையும், ஒரே டியூப்லைட் வெளிச்சத்தில் மாதந்தோறும் எடுத்த வகிட்டுப் படங்களையும் இணைத்துள்ளேன்.

வேறொரு மையத்தில் இந்தப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு, தலையைத் தொட்டுக்கூடப் பாராமல், பி.ஆர்.பி. ஊசிக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னார்கள். அந்தச் சிகிச்சையே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. காரணம் தெரியாமல் வளரும் பெண்ணின் உச்சந்தலையில் ஊசி போட எனக்கு மனம் ஒப்பவில்லை, அவ்வளவே. தங்கள் மையத்தில் டெர்மாஸ்கோப் கொண்டு முடிவேர்களைப் பார்த்த பிறகே சிகிச்சை முடிவாகுமா என்று அறிய விரும்புகிறேன்.

மினாக்சிடில் புட்டியில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பயன்படுத்தக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. ஆயினும் மருத்துவர் கண்காணிப்பில் இந்த வயதினருக்கும் சில நேரம் தருவதாகக் கேள்விப்படுகிறேன். அப்படித் தருவதானால் எந்த அளவில், எவ்வளவு காலம், நெற்றியிலும் கன்னத்திலும் வேண்டாத முடி வளராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நிறுத்தினால் வளர்ந்த முடி மீண்டும் உதிரும் என்பதால், பொதுத் தேர்வுக் காலத்தில் இடையில் விட்டுவிட நேரும் சிகிச்சையை இப்போதே தொடங்கலாமா என்ற தயக்கமும் எனக்கு உண்டு. ஹார்மோன் மாத்திரை தேவைப்படும் என்றால் மகப்பேறு மருத்துவரையும் கலந்துகொண்டு முடிவெடுப்பதையே விரும்புகிறேன்.

பள்ளி விதிப்படி இரட்டைச் சடையை இறுக்கி மடித்து ரிப்பன் கட்டுகிறாள். இந்த இழுப்பும் ஒரு காரணமானால், தளர்த்திக் கட்ட அனுமதி கேட்டுத் தலைமை ஆசிரியரிடம் கொடுக்கத் தங்கள் கையொப்பத்துடன் ஒரு சான்று தேவைப்படும். உறவினர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். சின்ன வெங்காயச் சாறு தலையில் எரிச்சல் தந்ததால் நிறுத்திவிட்டோம், தேங்காய் எண்ணெய் மட்டும் தொடர்கிறது.

அவள் சில வாரங்களாகப் படம் எடுக்க நிற்பதைத் தவிர்க்கிறாள். எனவே பெண் மருத்துவர் ஒருவர் பார்த்தால் நல்லது. மாதவிலக்கு பற்றிய கேள்விகளை என் முன்னிலையில் கேட்காமல் அவளிடம் தனியாகக் கேட்டாலும் எனக்குச் சம்மதமே. காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் காலையில் முன்பதிவு கிடைக்குமா என்பதையும், முதல் ஆலோசனைக்கும் பரிசோதனைகளுக்கும் ஆகும் கட்டணத்தையும் அன்புகூர்ந்து பதில் கடிதத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. கலைச்செல்வி

இணைப்பு: இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், உச்சி வகிட்டின் படங்கள்