சமூகப்பணி முதுகலை, எம்.எஸ்.டபிள்யூ. படிக்க ஏன் விரும்புறேன்

ரெண்டு வருஷமா சனிக்கிழமை தோறும் சென்னை பெரும்பாக்கம் குடியிருப்புல வாலண்டியரா போறேன், சிட்டிக்குள்ள இருந்து இடம் மாத்தப்பட்ட குடும்பங்கள், வேலைக்கு போக வர்றதுலயே அம்மாக்களுக்கு பாதி நாள் போயிடும், புள்ளைங்க தனியா இருக்கும்.

ஆரம்பத்துல தப்பு பண்ணேன். ஒரு அக்கா வீட்டு வாடகைக்கு பணம் கேட்டாங்க, என் கையில இருந்து 2,000 ரூபா கொடுத்துட்டேன். அடுத்த வாரம் அவங்க என் முகத்தையே பாக்கல, கடன்பட்டவங்க மாதிரி ஒதுங்கிப் போனாங்க, அது எனக்கு ரொம்ப வலிச்சுது. அதுக்கப்புறம் பணம் கொடுக்குறதில்ல. விதவை பென்ஷனுக்கு மனு எழுத கூட உக்காருவேன், தாலுகா ஆபீஸுக்கு எந்தெந்த பேப்பர் எடுத்துட்டு போகணும்னு சொல்லுவேன், ஆனா கண்டிப்பா கிடைக்கும்னு வாக்கு தர மாட்டேன்.

எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுக்கா"ன்னு கேட்டா. பண்ணல. உனக்கு ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும்மான்னு முதல்லயே சொன்னேன், கொஞ்ச நேரம் அழுதுட்டு அப்புறமும் பேசினா, வீட்டுல கல்யாணம் பேசுறாங்களாம். எங்க கோஆர்டினேட்டர்கிட்ட சொல்லி அன்னைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணோம். கல்யாணம் நின்னுது, ஆனா அவ திரும்ப ஸ்கூலுக்கு வரல, நாலு தடவை போய் பேசியும் வரல.

அந்த நாலு தடவையும் என்ன கேட்டிருக்கணும், எப்படி கேட்டிருக்கணும்னு எனக்கு தெரியல. கேஸ் ஒர்க், குடும்பத்தோட பேசுற முறை, சட்டம், இதெல்லாம் சூப்பர்விஷனோட கத்துக்கணும், அதுக்குத்தான் அப்ளை பண்றேன்.