உப்பை வாசலிலேயே மறித்தவர்: வாழ்நாள் தொழில்நுட்பப் பணி விருது, தேர்வுக் குழுவின் தகுதியுரை

அவையோருக்கு வணக்கம். விருது பெறுபவரின் பெயரை, இந்த உரை முடிந்ததும் தலைவர் அறிவிப்பார். அந்தப் பெயர் ஏன் என்பதைச் சொல்வது மட்டும் எங்கள் வேலை. இரண்டாவது பத்தி முடிவதற்குள் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

நாளொன்றுக்கு 55 லட்சம் லிட்டர் சாயக்கழிவு நீரைக் கையாளும் பொது சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் 1999-இல் ஆய்வக வேதியியலாளராகச் சேர்ந்தவர். இன்று அதே நிலையத்தின் தலைமை இயக்க மேலாளர். 21 சாயப்பட்டறைகளின் தண்ணீர் இவர் கை வழியாக வந்து, இவர் கை வழியாகவே திரும்பிப் போகிறது.

பரிந்துரையோடு 42 ஸ்லைடுகள் வந்தன. அவற்றில் 11 'சாதனைகள்' என்ற தலைப்பில். ஸ்லைடில் ஒரு வரியாக இருப்பது லாக் புக்கில் எத்தனை பக்கமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பது என்று குழு தீர்மானித்தது. ஷிப்ட் பதிவேடு, ஆய்வகப் பதிவேடு, உப்பு அனுப்பிய சீட்டுகள் மூன்றையும் எடுத்துவைத்துச் சரிபார்த்தோம். அதில் நின்ற எண்கள் மட்டுமே இந்த உரையில் வருகின்றன.

முதல் சாதனை உப்பு.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும்; அது சாதா உப்பாகிய சோடியம் குளோரைடாகவோ சோடியம் சல்பேட்டாகவோ இருக்கலாம். நிறத்தின் ஆழத்தைப் பொறுத்து லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை போடுகிறோம். சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளிவிடுவதோடு உப்பின் வேலை முடிந்தது. துணியில் அது தங்குவதில்லை, போட்டது அத்தனையும் கழிவு நீரில் வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டால் நிறம் போகும், உப்பு போகாது. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் உப்பேறிப் பாழானதற்கு வேர் இதுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாளை இந்த அரங்கில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு எல்லோரும் வந்தோம். ஆர்.ஓ. வழியாக நீரைத் திரும்ப எடுத்தோம், மிஞ்சிய உப்புநீரான ரிஜெக்டை எவாப்பரேட்டரில் காய்ச்சினோம். காய்ச்சிய பிறகு கையில் நின்றதோ பெரும்பாலான இடங்களில் கலப்பு உப்பு: பாதி சல்பேட், பாதி குளோரைடு. அதைச் சாயத்துக்குத் திரும்பப் போட முடியாது, கொட்டவும் முடியாது. ஷெட் போட்டு, மூட்டை கட்டி, மழையில் நனையாமல் காவல் காக்கத்தான் முடியும். இவருடைய நிலையத்திலும் 2013-இல் நாளுக்கு 9 டன் கலப்பு உப்பு சேர்ந்தது.

கலந்த பிறகு பிரிக்க எல்லோரும் இயந்திரம் தேடிக்கொண்டிருந்தபோது, கலக்கும் இடத்தைத் தேடிப் போனவர் இவர். 21 பட்டறைகளின் வெளியேற்றுக் குழிகளிலும் காலை 6, மதியம் 2, இரவு 10 மணிக்கு மாதிரி எடுத்து, எட்டு மாதம் குளோரைடு அளந்தார். வெள்ளி நைட்ரேட் டைட்ரேஷன்தான், கல்லூரி ஆய்வகத்தில் செய்கிற அதே சோதனை. ஆனால் சிவப்புச் சாயநீரில் செங்கல் நிற முடிவுப்புள்ளி கண்ணுக்குத் தெரியாது. முதலில் அலுமினியம் ஹைட்ராக்சைடு குழம்பு போட்டு நிறத்தைப் படிய வைத்து, வடிகட்டி, அதன் பிறகே டைட்ரேஷன் என்று முறையை மாற்றி, ஆய்வகத்தில் நான்கு பேருக்குப் பழக்கிக் கொடுத்தார். எட்டு மாத எண்களை நம்ப முடிவது இந்த ஒரு படியால்தான்.

ஆறு பட்டறைகளில் குளோரைடு கூடுதலாக இருந்தது. நான்கு பட்டறைகள் விலை குறைவு என்று சாதா உப்பு போட்டுக்கொண்டிருந்தன, அது எதிர்பார்த்ததுதான். மீதி இரண்டும் சல்பேட் மட்டுமே வாங்கியதற்கு பில் வைத்திருந்தன, பொய்யும் சொல்லவில்லை. அங்கே குளோரைடு வந்தது சாயத்தொட்டியிலிருந்து அல்ல, போர் தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னரிலிருந்து. அதன் ரெசினைப் புதுப்பிக்க, அதாவது ரீஜெனரேட் செய்ய, சாதா உப்புக் கரைசல் விடுகிறோம், அந்தக் கரைசல் நேரே சாக்கடைக்குப் போகிறது. சல்பேட்டால் ரீஜெனரேட் செய்யலாமே என்ற யோசனையை இவர் ஏற்கவில்லை. ரெசின் படுகைக்குள் கால்சியம் சல்பேட் படிந்து இறுகிவிடும். சாஃப்ட்னரையே நிறுத்துவதுதான் இவர் சொன்ன வழி. ஆர்.ஓ. வடித்துத் தரும் நல்ல நீரான பெர்மியேட்டில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. அந்த இரண்டு பட்டறைகளுக்கும் பெர்மியேட் பங்கைக் கூட்டிக் கொடுத்து, சாஃப்ட்னர் வால்வுகளுக்கு சீல் வைத்தார்.

நிலையத்துக்குள்ளும் ஒரு குளோரைடு மூலத்தை இவரே கண்டுபிடித்து நிறுத்தினார். நிறம் எடுக்கப் போட்ட சோடியம் ஹைப்போகுளோரைட், தண்ணீரில் கடைசியில் குளோரைடாகத்தான் தங்குகிறது. மற்றவர் வீட்டுக் குழியைச் சோதிப்பதற்கு முன் தன் வீட்டுத் தொட்டியைச் சோதித்தார் என்பதைப் பட்டறைக்காரர்கள் கவனித்தார்கள். பிறகு வாக்குவாதம் குறைந்தது.

நான்கு பட்டறைகளையும் சல்பேட்டுக்கு மாற்றியது அபராதம் அல்ல, துணி. மீட்ட உப்பில் சாயம் போட்டால் நிறம் மங்கும், திட்டுத்திட்டாக ஏறும் என்பதே அவர்கள் பயம். பயம் நியாயமானது. மீட்ட உப்பில் காரம் மிஞ்சியிருந்தால், சோடா போடுவதற்கு முன்பே சாயம் துணியைப் பிடித்துக்கொள்ளும். ஓரம் ஒரு நிறம், நடு ஒரு நிறம். இரும்பு இருந்தால் பிரகாசமான நிறங்கள் செத்துப்போகும். எனவே உப்பின் பி.எச். 6.5-க்கும் 7.5-க்கும் இடையில் இல்லாமல் லாரி வெளியேறக்கூடாது என்று வைத்தார். தூய்மை, கடினத்தன்மை, இரும்பு, பி.எச். நான்கும் எழுதிய சீட்டு ஒவ்வொரு லோடோடும் போகிறது. நேவியிலும் வெளிர் இளஞ்சிவப்பிலும் புது உப்பு, மீட்ட உப்பு இரண்டாலும் சாயமேற்றிய துணித் துண்டுகளை, எது எது என்று சொல்லாமல், பட்டறை மாஸ்டர்களிடம் கொடுத்துப் பிரித்துக்காட்டச் சொன்னார். அவர்களால் முடியவில்லை.

உள்வரும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 1,400 மில்லிகிராமிலிருந்து 380-க்கு இறங்கியது. மிச்சமிருப்பது பெரும்பாலும் மூல நீரோடு வருவது. கலப்பு உப்பு நாளுக்கு 9 டன்னிலிருந்து ஒன்றரை டன்னாகச் சுருங்கியது. மறுபுறம், குளிரூட்டிப் படிய வைத்து உருக்கி உலர்த்திய சோடியம் சல்பேட் சராசரியாக நாளுக்கு 18 டன் பட்டறைகளுக்கே திரும்பிப் போகிறது.

இரண்டாவது சாதனையைச் சுருக்கமாகச் சொல்லலாம். இந்த நிலையத்தில் 16 மாதம் ஓடிய ஆர்.ஓ. மெம்பரேன் இப்போது 40 மாதம் ஓடுகிறது. புதிய வகை மெம்பரேன் எதுவும் வாங்கவில்லை, கழுவும் வரிசைதான் மாறியது. சாயமும் உயிரிப்படலமும் அடைத்த மெம்பரேனுக்கு முதலில் ஆசிட் விட்டால் அழுக்கு இன்னும் இறுகும். காரக் கழுவல் முதலில், நன்றாக அலசல், ஆசிட் அதன் பிறகு. வெப்பநிலை திருத்திய பெர்மியேட் ஓட்டம் 10 விழுக்காடு குறைந்த அன்றே கழுவல். உற்பத்தி நெருக்கடி என்று ஒருநாளும் தள்ளிப்போடுவதில்லை. ஐந்து ஆண்டுப் பதிவேட்டில் இந்த விதி மீறப்பட்ட நாள் ஒன்றையும் குழுவால் காண முடியவில்லை. எங்களில் இருவர் மீறல் இருக்கும் என்று உறுதியாக நம்பித்தான் தேடினோம்.

மூன்றாவது, 38-ஆம் ஸ்லைடு. அதில் இருப்பது ஒரே வரி: 'பாதுகாப்பு: உயிரிழப்பு இல்லை.' 42-இல் மிகச் சிறிய ஸ்லைடு அதுதான். குழு அதிக நேரம் பேசியதும் அதைப் பற்றித்தான்.

சல்பேட்டுக்கு மாறியதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சல்பேட் நிறைந்த நீர் காற்றில்லாமல் தேங்கினால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பட்டறைகள் மூடும். தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். சேகரிப்புத் தொட்டியில் ஒரு வாரம் நீர் கிடக்கும். திறக்கும் அன்று அழுகிய முட்டை நாற்றம் வரும். நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைப்பதுதான் சாவுக்கு வழி. அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போகிறது, வாயு அங்கேயே இருக்கிறது. உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார்.

தன் முடிவால் கூடிய ஆபத்துக்குத் தானே பொறுப்பு என்று இவர் எடுத்துக்கொண்டார். சமநிலைத் தொட்டிக்குக் காற்றடிக்கும் புளோயர் விடுமுறையிலும் நிற்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு நீரைத் தேக்கி வைத்து, விடுமுறை முழுக்க உயிரித் தொட்டிக்குச் சிறிது சிறிதாக விடுகிறார்கள். நீரும் அழுகுவதில்லை, தொட்டியிலுள்ள நுண்ணுயிர்களும் பட்டினி கிடப்பதில்லை. தொட்டிக்குள் ஆள் இறங்க வேண்டுமானால் நுழைவுச் சீட்டு வேண்டும்: காற்றடித்த பிறகு மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் அளவு, ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே என்றாலோ ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம். எட்டினாலோ சீட்டு இல்லை. முக்காலி, கயிறு, முழுவுடல் பாதுகாப்புப் பட்டை, மேலே விலகாமல் நிற்கும் ஓர் ஆள். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இதே விதி. 2014 முதல் 312 சீட்டுகள் கேட்கப்பட்டிருக்கின்றன, 47 மறுக்கப்பட்டிருக்கின்றன. மறுக்கப்பட்ட 47-இல் ஒன்பது, நிர்வாக இயக்குநரே அவசரம் என்று கேட்டவை.

விட்டுவிட்டவை இரண்டையும் சொல்லியாக வேண்டும். 9-ஆம் ஸ்லைடு நீர் மீட்பு 98 விழுக்காடு என்கிறது. எவாப்பரேட்டரின் ஆவி குளிர்ந்து வரும் கண்டென்சேட் நீர் இரண்டு ஓட்டமானிகளைக் கடப்பதால் இருமுறை எண்ணப்பட்டிருந்தது. கேட்ட மறுநாளே 93 என்று திருத்திய கணக்கை இவரே அனுப்பினார். 17-ஆம் ஸ்லைடில் இருந்த எவாப்பரேட்டர் குழாய்ச் சுத்தம் செய்யும் முறை தன்னுடையதல்ல, இரவு ஷிப்ட் ஃபிட்டர் ஒருவருடையது என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த ஃபிட்டரின் பரிந்துரைத் தாளை இவரே நிரப்பி அடுத்த ஆண்டுக்குக் கொடுத்திருக்கிறார். அது எங்கள் கோப்பில் இருக்கிறது.

சாயக்கழிவில் உப்பைப் பட்டறை வாசலிலேயே மறித்ததற்காகவும், மீட்ட உப்பைச் சாயத்தொட்டிக்குத் திருப்பியதற்காகவும், 47 முறை 'இறங்கக்கூடாது' என்று சொன்னதற்காகவும், 2024-ஆம் ஆண்டுக்கான வாழ்நாள் தொழில்நுட்பப் பணி விருதையும் பட்டயத்தையும் ஒரு லட்சம் ரூபாய்ப் பரிசையும் இவருக்கு வழங்கத் தேர்வுக் குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது. தலைவர் அவர்கள் பெயரை அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.